பேட்டர்ன் மறந்த போன்: ஆஃப் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

போன் இப்போது ஆனில் இருக்கிறதா? இருந்தால் அப்படியே சார்ஜரில் போடுங்கள். ஆஃப் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். டிவிக்கு அது சரி. பூட்டு மறந்த போனுக்கு அதைவிடக் கெட்ட யோசனை இல்லை.

தருமபுரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பூட்டு மறந்து வருகிறவர்களில் பாதிப் பேர் கடைக்கு வருவதற்கு முன்பே ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார்கள். மீதிப் பாதியில்தான் போட்டோவைக் காப்பாற்ற வழி இருக்கும்.

காரணம் இதுதான். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் போட்டோ, வீடியோ, மெசேஜ் எல்லாமே குறியாக்கம் செய்துதான் உள்ளே இருக்கும். அதைத் திறக்கும் சாவி உங்கள் பின் அல்லது பேட்டர்னையும், போனுக்குள் இருக்கும் ஒரு சிப்பையும் சேர்த்து உருவாவது. போனை ஆன் செய்து முதல் முறை பேட்டர்ன் போட்டதும் அந்தச் சாவி மெமரியில் வந்து உட்காரும். அதன்பிறகு ஸ்கிரீன் பூட்டினாலும் சாவி உள்ளேயே இருக்கும், அதனால்தான் கைரேகை வேலை செய்கிறது. ஆஃப் செய்தால் சாவி போய்விடும். மறுபடி ஆன் செய்யும்போது கைரேகை, முகம் எதையும் போன் ஏற்காது, பேட்டர்னைத்தான் கேட்கும்.

உங்கள் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? காண்டாக்ட்டில் பெயர் போட்டுச் சேமித்த ஒருவரை அந்த போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். திரையில் பெயர் வந்தால் சாவி உள்ளே இருக்கிறது. வெறும் நம்பர் மட்டும் வந்தால், போன் எப்போதோ ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான். போனே இன்னும் தன் காண்டாக்ட் பட்டியலைத் திறக்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி அவரவர் பிரச்சினையைப் பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள்.

"பின் கேக்குது, எந்த பின்னுனு தெரியல"

திரையில் `SIM PIN` என்று இருந்தால் அது சிம் கார்டின் பூட்டு, போனின் பூட்டு இல்லை. மூன்று முறை தப்பாகப் போட்டால் `PUK` கேட்கும், அதைப் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும். `PUK` நம்பரை உங்கள் சிம் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். இதனால் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. இதைப் போன் பூட்டு என்று நினைத்துக்கொண்டு போனையே ரீசெட் செய்துவிட்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

"சரியாத்தான் போடறேன், எடுக்க மாட்டேங்குது"

இப்படிச் சொல்கிறவர்களை முதலில் நம்ப வேண்டும். டச்சில் ஒரு பட்டை மட்டும் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பட்ட போன், கீழே விழுந்த போன், விலை குறைந்த டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிய போன் இவற்றில் இது சகஜம்.

சோதிக்க எளிய வழி உண்டு. பூட்டுத் திரையில் இருக்கும் `Emergency call` என்பதைத் தொட்டால் நம்பர் போடும் பலகை வரும். 1 முதல் 0 வரை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பச்சை பட்டனை மட்டும் தொடாதீர்கள். ஏதாவது ஒரு எண் விழவில்லை, அல்லது 5 அழுத்தினால் 8 விழுகிறது என்றால் குறை உங்கள் ஞாபகத்தில் இல்லை, கண்ணாடியில். டெம்பர்ட் கிளாஸை உரித்து, திரையை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பாருங்கள்.

அப்படியும் விழாவிட்டால் ஓடிஜி கனெக்டர் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸைப் போனில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும். இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பேட்டர்னை வரையலாம். சில கம்பெனி போன்களில் ஓடிஜி என்பதை செட்டிங்ஸில் போய் ஆன் செய்தால்தான் மவுஸ் எடுக்கும், பூட்டிய நிலையில் அது முடியாது. அப்போது டிஸ்ப்ளே மாற்றுவதுதான் வழி. டிஸ்ப்ளே மாற்றினால் டேட்டா போகாது, ஆனால் பேட்டரி கழற்றுவதால் போன் ஆஃப் ஆகும். பேட்டர்ன் உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் இதற்குப் போக வேண்டும்.

எழுத்துகள் கலந்த பாஸ்வேர்டு என்றால், கீபோர்டு தமிழில் நிற்கிறதா, முதல் எழுத்து தானாகப் பெரியதாக விழுகிறதா என்று பாருங்கள். கண் குறியைத் தொட்டால் நீங்கள் அடிப்பது தெரியும்.

"கைரேகை எடுக்குது, பேட்டர்ன்தான் மறந்துபோச்சு"

அவசரமும் இங்கேதான், நம்பிக்கையும் இங்கேதான். கைரேகை வேலை செய்கிறது என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது மூன்று நாள் கூத்து. கடைசியாக பேட்டர்ன் போட்டதிலிருந்து 72 மணி நேரம் ஆனதும், பாதுகாப்புக்காக பேட்டர்ன் போடு என்று போனே கேட்கும். அதற்குப் பிறகு விரலை வைத்தால் எடுக்காது. போதாததற்கு, 2025இல் வந்த கூகுள் ப்ளே சர்வீசஸ் மாற்றத்தால், தொடர்ந்து மூன்று நாள் பூட்டியே கிடக்கும் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகவும் கூடும். "பொறுமையா பாத்துக்கலாம்" என்று பீரோவில் வைத்தால் கதை முடிந்தது.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் ஒரு பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். பேரன் கேம் விளையாடுகிறான் என்று ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு பேட்டர்னை மாற்றியிருக்கிறார். திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால் மறந்துவிட்டது. கைரேகையிலேயே ஒரு நாள் ஓட்டிவிட்டார். அன்று காலை தோட்டத்துக்குப் போய் வந்த பிறகு கைரேகையும் சரியாக எடுக்கவில்லை.

"ஆஃப் பண்ணீங்களாங்க?"

"இல்ல தம்பி. பஸ்ல வரப்பவே பண்ணலாம்னு பாத்தன். சார்ஜு பதினோரு பர்சென்ட்டுனு விட்டுட்டன்."

அந்தப் பதினோரு பர்சென்ட்தான் அவர் மகள் கல்யாணப் போட்டோவைக் காப்பாற்றியது. ஞாயிறு இரவு ஒன்பதிலிருந்து கணக்கு வைத்தால் புதன் இரவு ஒன்பது வரை நேரம் இருந்தது, முப்பத்து நான்கு மணி நேரம். முதலில் சார்ஜரில் போட்டேன்.

அடுத்தது விரல். தக்காளிச் செடியில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், பச்சையும் கறுப்புமாக ஒரு பிசுக்கு விரலில் ஏறிவிடும். ரேகை வரிகளை அது அடைத்துவிடுகிறது. அந்த விரலை வைத்து வைத்துப் பார்ப்பது ஆபத்து. ஐந்து முறை தப்பினால் போன் அரை நிமிடம் நிறுத்தும். மொத்தம் இருபது முறை தப்பினால் கைரேகையையே அடைத்துவிட்டு பேட்டர்ன்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிடும். அவர் எத்தனை முறை வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் போனைத் தொடவிடாமல், டீக்கடையிலிருந்து அரை எலுமிச்சம்பழம் வாங்கிவந்து விரலைத் தேய்க்கச் சொன்னேன். சோப்புக்குப் போகாத அந்தக் கறை புளிப்புக்குப் போகும். கழுவி, துடைத்து, கை நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே ஒரு முறை வைத்தார். திறந்தது.

திறந்ததும் செய்ய வேண்டியது இது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ஸ்கிரீன் அணையும் நேரத்தை, அந்த போனில் எவ்வளவு அதிகம் வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள். பத்து நிமிடம், முப்பது நிமிடம் என்று போனுக்குப் போன் மாறும். இதற்குப் பூட்டு கேட்காது. சிஸ்டம் அப்டேட் இராத்திரியில் தானாக ஏறும்படி இருந்தால் அதை நிறுத்துங்கள், ஏறினால் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பவர் பட்டனை நீளமாக அழுத்தி `Lockdown` என்பதைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கைரேகை அங்கேயே முடிந்தது.

கைரேகையால் உள்ளே போய்விட்டோமே, பேட்டர்னை மாற்றிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. பூட்டை மாற்ற, எடுக்க, செட்டிங்ஸிலிருந்து ரீசெட் செய்ய, எல்லாவற்றுக்கும் மறந்துபோன அந்த பேட்டர்னையே கேட்கும். டெவலப்பர் ஆப்ஷனை ஆன் செய்யக்கூடக் கேட்கும். ஆனால் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க அது தேவையில்லை. வீட்டுச் சாவி தொலைந்தாலும் கதவு திறந்து கிடக்கிறது. சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பூட்டை உடைக்கலாம்.

டேட்டா கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, நோட்டிபிகேஷனை இழுத்து `File transfer` என்று மாற்றினேன். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் இது வராது. போன் மெமரியில் இருந்து இந்த நான்கு இடங்களையும் முழுதாக நகல் எடுத்தேன்:

```
DCIM
Pictures
Download
Android/media/com.whatsapp/WhatsApp
```

பெரியவருக்கு கேமரா படங்களே பதினெட்டு ஜிபி. முக்கால் மணி நேரம் ஆனது. மண்டிக்காரரோடு பேசிய கால் ரெக்கார்டிங் வேண்டும் என்றார், அது `Recordings` என்ற தனி ஃபோல்டரில் இருந்தது. சில போன்களில் வேறு பெயரில் இருக்கும், தேடி எடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபோல்டரை நகல் எடுக்கும் முன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் `Chats`, பிறகு `Chat backup` போய் ஒருமுறை பேக்கப் கொடுங்கள். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்அப் மூன்றும் அதற்குள்தான். பெரியவருடையது நிரம்பியிருந்தது. அப்படியிருந்தாலும் போனுக்குள்ளேயே `Databases` என்ற இடத்தில் ஒரு நகல் உருவாகிவிடும். மேலே சொன்ன ஃபோல்டரோடு அதுவும் வந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன் அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்து, அதே நம்பரில் பதிவு செய்தால் சாட் திரும்ப வரும்.

காண்டாக்ட்டில் பலர் ஏமாறுகிறார்கள். எல்லா நம்பரும் ஜிமெயிலில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், பாதி போன் மெமரியில் மட்டும் இருக்கும். காண்டாக்ட் ஆப்பிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்தால் `.vcf` என்று ஒரு ஃபைல் உருவாகும், அதையும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டோம்.

கூகுள் போட்டோஸில் `Locked Folder` வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்குள் இருக்கும் படங்கள் கேபிளில் வராது. அதற்குத் தனியாக பேக்கப் ஆன் செய்யாமல் இருந்தால் ரீசெட்டில் அழிந்துவிடும். உள்ளே போய், தேர்ந்தெடுத்து, வெளியே நகர்த்திய பிறகு நகல் எடுங்கள். கைரேகையே போதும். சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர் அப்படியில்லை, அதற்குத் தனிப் பூட்டு. ஆனால் அதிலிருந்தும் படங்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

நகல் எடுத்ததும் உடனே ரீசெட்டுக்குப் போகக் கூடாது. கம்ப்யூட்டரில் நடுவிலிருந்து பத்துப் படம், இரண்டு வீடியோ திறந்து பார்க்க வேண்டும். மகளுக்குத் தாலி கட்டும் வீடியோ ஓடியதும்தான் பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார்.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. ரீசெட் ஆன போன் முதலில் கேட்பது பழைய ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும். "உங்க ஜிமெயில் என்னங்க?" என்றேன். "அதெல்லாம் போன் வாங்குன கடைப் பையனே போட்டுக் குடுத்தான்." நம் பக்கம் பாதி போன்கள் இப்படித்தான். நல்லவேளை, மீட்பு நம்பராக அவருடைய நம்பரே இருந்தது. திறந்திருந்த போனிலேயே கூகுள் கணக்குக்குப் போய் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்து, ஓடிபி வாங்கி, புதிய பாஸ்வேர்டு வைத்தோம். பாஸ்வேர்டு மாற்றினால் ரீசெட்டுக்கு முன் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கூகுளே சொல்வது. அதனால் அன்று அனுப்பிவிட்டு வியாழக்கிழமை வரச் சொன்னேன். அதற்குள் கைரேகை நின்றுபோயிருந்தது, கவலையில்லை. போனை ஆஃப் செய்து, பவர் பட்டனையும் வால்யூம் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ரிகவரிக்குள் போய் அழித்து, ஜிமெயில் போட்டுத் திறந்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

"நேத்துதான் மாத்துனேன், பழசு ஞாபகம் இருக்கு"

ஐபோன் என்றால், ஐஓஎஸ் 17 முதல், பாஸ்கோடு மாற்றிய 72 மணி நேரத்துக்குள் பழையதைப் போட்டே உள்ளே போகலாம். தப்பாகப் போட்டுப் போட்டு போன் பூட்டிக்கொண்டதும் கீழே `Forgot Passcode?` வரும். அதைத் தொட்டால் `Enter Previous Passcode` இருக்கும். புதிய சாம்சங் மாடல்களிலும் இதேபோல மூன்று நாள் சலுகை இருக்கிறது, பூட்டுத் திரையில் மறந்துவிட்டது என்ற வரி தெரிகிறதா என்று பாருங்கள். மற்ற கம்பெனி போனில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், எதுவும் எடுக்கல"

இப்போது வழிகள் குறைவு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாம்சங் போனாக இருந்து, சாம்சங் அக்கவுண்ட்டும் போட்டு, ரிமோட் அன்லாக் என்பதை முன்பே ஆன் செய்திருந்தால், கம்ப்யூட்டரில் `smartthingsfind.samsung.com` போய் `Unlock` கொடுத்துப் பார்க்கலாம். போனில் நெட் இருக்க வேண்டும். டேட்டா போகாமல் பூட்டு மட்டும் எடுபடும். கூகுளின் போன் தேடும் சேவையில் இந்த வசதி இல்லை. தேடுவதைத் தவிர அதில் இருப்பது ஒலிக்கவைக்கவும் பூட்டவும் அழிக்கவும் மட்டுமே. `Erase` என்பதைத் திறக்கும் பட்டன் என்று நினைத்து அழுத்திவிடாதீர்கள்.

மெமரி கார்டு இருந்தால் கழற்றி கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். சாதாரணமாகப் போட்ட கார்டு என்றால் படங்கள் திறக்கும். போன் மெமரியோடு சேர்த்து ஃபார்மேட் செய்த கார்டு வேறெங்கும் திறக்காது.

வேறு போனில் அதே ஜிமெயிலைப் போட்டு `photos.google.com` பாருங்கள். பேக்கப் ஆனது தனக்கே தெரியாமல் பல பேர் இருக்கிறார்கள். ஆனால் பேக்கப் ஆன போன்களிலும் பெரும்பாலும் கேமரா படம் மட்டும்தான் ஏறியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்குத் தனியாக ஆன் செய்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் ஏற்கெனவே இணைந்திருந்தால், வேண்டிய படங்களை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள் சிம்மைக் கழற்றி வேறு போனில் வாட்ஸ்அப் போடாதீர்கள், போட்டால் பழைய இணைப்புகள் அறுந்துவிடும்.

மிச்சம் இருப்பது ஞாபகம்தான். தப்பாகப் போடப் போட போன் நிறுத்தும் நேரம் கூடிக்கொண்டே போகும், அரை நிமிடத்தில் ஆரம்பித்து நாள் கணக்கிலும் போகும். சில போன்களில் இத்தனை முறை தப்பினால் எல்லாவற்றையும் அழி என்று செட்டிங் வைத்திருப்பார்கள், வைத்தது ஞாபகம் இருந்தால் உடனே நிறுத்திக்கொள்ளுங்கள். அதனால் போட்டதையே திரும்பப் போடாமல் இருக்க, ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்து, போட்டுப் பார்த்த ஒவ்வொரு பேட்டர்னையும் வரைந்துவையுங்கள். நான்கு புள்ளிக்குக் குறைவாக இழுத்தால் பொதுவாக அது ஒரு முயற்சியாகவே எண்ணப்படாது. யோசித்துப் போடுவதைவிட, வழக்கமாகப் போனைப் பிடிக்கும் கையில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, யாரோடாவது பேசிக்கொண்டே விரலை ஓடவிடுங்கள். கோலம் போடும் கைக்குப் புள்ளிக் கணக்கு தெரிவதுபோல விரலுக்குத் தனி ஞாபகம் உண்டு.

"டேட்டா போகாம எடுத்துத் தரோம்" என்று சொல்லும் கடைகளும் வீடியோக்களும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 4.4 வரை இருந்த பழைய போன்களில் ஐந்து முறை தப்பினால் ஜிமெயில் போட்டுத் திறக்கும் வசதி இருந்தது. அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் ஓடுகிறது. இன்றைய போனில் மென்பொருள் ஏற்றிப் பூட்டை எடுத்தால் சாவியும் சேர்ந்து போய்விடும். போன் திறக்கும், உள்ளே காலியாக இருக்கும். போட்டோ முக்கியம் என்றால், வேலை ஆரம்பிக்கும் முன் "போட்டோ வந்தாத்தான் காசு" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் போனைத் திருப்பிக் கையில் கொடுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"ரீசெட் பண்ணியாச்சு, இப்ப ஜிமெயில் கேக்குது"

போட்டோ போனது போனதுதான், ரெகவரி சாஃப்ட்வேர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இப்போது போன் கேட்பது, ரீசெட்டுக்கு முன் அதில் இருந்த ஜிமெயிலை. புதிதாக ஒன்று உருவாக்கிப் போட்டால் ஏற்காது. பழைய ஜிமெயில் எது என்று தெரியாவிட்டால், இன்னொரு போனில் கூகுள் லாகின் பக்கத்தில் `Forgot email?` தொட்டு, உங்கள் செல் நம்பரையும் கணக்கில் இருக்கும் பெயரையும் கொடுங்கள். பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதில்தான் சிக்கும். இன்ஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயரோடு என்று மாற்றிப் பாருங்கள். கடைப் பையன் தன் பெயரையே போட்டு வைத்த கேஸும் உண்டு.

எதுவும் பொருந்தவில்லை என்றால் வாங்கிய பில், பெட்டி, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பில்லில் இருக்கும் ஐஎம்இஐ நம்பரும் போனில் இருப்பதும் ஒன்றுதானா என்று கிளம்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள். ரீசெட் ஆன போனிலும் `Emergency call` போய் `*#06#` அடித்தால் பெரும்பாலும் நம்பர் வரும், வராவிட்டால் பெட்டியின் ஸ்டிக்கரிலும் சிம் ட்ரேயிலும் பாருங்கள்.